மகோதரமும் இதயமும்

வயிறு மட்டும் குடம் போலப் பெருத்து, முகமும் கைகளும் மெலிந்து நிற்கும் ஒருவரைக் கண்டால் நம் ஊர்ப் பெரியவர்கள் “மகோதரம்” என்பர். கல்லீரல் கெட்டுவிட்டது என்றும் சேர்த்துக் கூறுவர். பெரும்பாலான வேளைகளில் அவர்கள் கூற்று சரியாகவே இருக்கும். ஆனால் வயிற்றில் நீர் கோத்திருக்க, நோயோ இதயத்தில் ஒளிந்திருக்கும் நிலை ஒன்று உண்டு. வெப்பமண்டல நாடுகளின் சில பகுதிகளில் மட்டும் காணப்படும் அந்நோயின் பெயர் எண்டோமையோகார்டியல் ஃபைப்ரோசிஸ். தமிழில் இதனை ‘இதய உள்ளுறை நார்த்தடிப்பு நோய்’ எனலாம். பெயர் நீண்டதாயினும் நிகழ்வது எளிதில் விளங்கக்கூடியதே.

இதயத்தின் கீழறைகள் ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளுதல் ஒன்று. விரிந்து இரத்தத்தை உள்வாங்குதல் மற்றொன்று. இதயம் பலவீனமாகிவிட்டது என்று கேட்டவுடன் நமக்கு முதல் வேலை கெட்டதாகவே தோன்றும். இந்நோயில் கெடுவது இரண்டாவது வேலை. கீழறையின் உட்சுவரை மூடியிருக்கும் வழவழப்பான மெல்லிய உறை தடித்து, தழும்பு போன்ற வெண்மையான நார்த்திசுவாக மாறுகிறது. அத்தடிப்பு பெரும்பாலும் அறையின் அடிமுனையில் தொடங்கி மேல்நோக்கிப் பரவி, வால்வுகளைத் தாங்கும் தசைகளையும் நாண்களையும் இறுக்கிப் பிடிக்கிறது. தடிப்பின்மேல் இரத்தக்கட்டியும் படிகிறது. துணிப்பையின் உட்புறம் முழுவதும் தோல் ஒட்டித் தைத்தது போல அறை விறைத்துச் சிறுத்துப்போகிறது. தசையின் சுருங்கும் வலிமை நெடுங்காலம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆதலால், ‘இதயம் நன்றாகச் சுருங்குகிறது’ என்னும் அறிக்கையைக் கண்டு, நோய் இதயத்தில் இல்லை என்று முடிவு செய்துவிட இயலாது.

உள்ளே நுழைய முடியாத இரத்தம் பின்னோக்கித் தேங்குகிறது. வலது கீழறை பாதிக்கப்பட்டால் அத்தேக்கம் வலது மேலறைக்கும், அங்கிருந்து கழுத்துச் சிரைகளுக்கும் கல்லீரலுக்கும் வயிற்றறைக்கும் செல்லும். இடது கீழறை பாதிக்கப்பட்டால் தேக்கம் நுரையீரலைச் சேரும். மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு, படுத்தால் மூச்சுத்திணறல், இருமல் ஆகியன தோன்றும். இரண்டு பக்கமும் ஒருங்கே பாதிக்கப்படுவதும் மிகுதி.

வலப்பக்க நோயின் தோற்றமே மருத்துவரையும் குடும்பத்தாரையும் ஒருங்கே ஏமாற்றக்கூடியது. பிற இதயநோய்களில் நீர் முதலில் கால்களில் இறங்கும். வயிறு பின்னரே பெருக்கும். இந்நோயிலோ வயிறு மிகப் பெருத்திருக்க, கணுக்காலில் சிறிதளவே வீக்கம் இருக்கும். சிலரிடம் அதுவும் இராது. ஏன் இவ்வாறு என்பதற்கு இன்றும் முழுமையான விளக்கம் இல்லை. வயிற்றறையின் உட்சவ்வும் தடித்து அழற்சியுற்றிருப்பது ஒரு காரணமாகலாம் என்பர். அத்துடன் கன்னத்தின் பின்புறச் சுரப்பிகள் வீங்கலாம், கண்கள் சற்றுப் பிதுங்கியது போலத் தோன்றலாம், விரல்நுனிகள் பருக்கலாம். சிறுவயதில் நோய் வந்தவர்கள் வளர்ச்சி குன்றி, பூப்பெய்துவதும் தாமதமாகி, பதினெட்டு வயதில் பன்னிரண்டு வயதினர் போலக் காணப்படுவர்.

ஒரு நோயாளியின் பாதை

கீழே கூறப்படுவது எந்தத் தனி மனிதரின் வரலாறும் அன்று. இந்நோயாளிகள் பலரிடம் மீண்டும் மீண்டும் காணப்படும் நிகழ்வுகளை ஒருவர்மேல் வைத்துக் கூறுவதாகும்.

கொல்லம் மாவட்டக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, திருமணத்திற்குப்பின் தமிழ்நாட்டில் குடியேறிய நாற்பத்திரண்டு வயதுப் பெண்மணி. இரண்டு ஆண்டுகளாக வயிறு பெருத்து வருகிறது. மது அருந்தும் வழக்கம் இல்லை. மஞ்சள்காமாலைக் கிருமிச் சோதனைகளில் குறை காணப்படவில்லை. ஸ்கேனில் கல்லீரல் பெரிதாகவும் வயிற்றில் நீர் மிகுந்தும் இருந்தமையால், கல்லீரல் சுருக்கநோய் என்று கருதி மருந்து கொடுக்கப்பட்டது. இரண்டு முறை நீர் எடுத்தார்கள். சில வாரங்களிலேயே மீண்டும் நிரம்பியது.

பின்னர், எடுத்த நீரைச் சோதித்தபோது அதில் புரதம் நூறு மில்லிலிட்டருக்கு 4 கிராம் இருந்தது. கல்லீரல் சுருக்கநோயில் இந்த அளவு பெரும்பாலும் 2.5 கிராமுக்குக் கீழேயே இருக்கும். ஆகவே கல்லீரல் அன்று என்று தெளிந்தார்கள். புரதம் மிகுந்த நீர், அதில் லிம்போசைட் அணுக்கள், மெலிந்த உடல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். ஆறு மாதம் காசநோய் மருந்து உண்டார். வயிறு வற்றவில்லை.

இவ்விடத்தில் யாரையும் குறைகூற இயலாது. காசநோய் இங்கே மிகுதி, இந்நோயோ அரிது. மிகுதியானதை முதலில் எண்ணுவதே மருத்துவ முறை. ஆயினும், அதே நீரில் இன்னொரு கணக்கைப் போட்டிருந்தால் வழி முன்னரே தெரிந்திருக்கலாம். இரத்தத்தில் உள்ள அல்புமினின் அளவிலிருந்து வயிற்று நீரில் உள்ள அல்புமினின் அளவைக் கழிக்க வேண்டும். இப்பெண்மணிக்கு இரத்தத்தில் 3.4, நீரில் 2.0, வேறுபாடு 1.4. இவ்வேறுபாடு 1.1 அல்லது அதற்கு மேல் இருந்தால், சிரைகளில் அழுத்தம் உயர்ந்ததனால் நீர் கசிந்திருக்கிறது என்பது பொருள். காசநோயினால் வரும் நீரில் இது பெரும்பாலும் 1.1-க்குக் குறைவாக இருக்கும். வேறுபாடும் மிகுந்து, புரதமும் மிகுந்திருந்தால் இதயத்தைப் பார்க்க வேண்டும் என்பதே அதன் குறிப்பு.

எண்களை விடவும் எளிதான அடையாளம் ஒன்று அவர் கழுத்திலேயே இருந்தது. சாய்ந்து அமர்ந்திருக்கும்போதும் கழுத்துச் சிரைகள் காதுமடல் வரை புடைத்துத் துடித்தன. கல்லீரல் நோயினால் மட்டும் வயிறு பெருத்தவருக்குக் கழுத்துச் சிரைகள் இவ்வாறு நிமிர்ந்து நிற்பதில்லை. வீட்டில் உடனிருப்போர் கழுத்து புடைப்பதைக் கவனித்திருந்தும், மூச்சை இழுத்துப் பேசுவதனால் வருவது என்று எண்ணிச் சொல்லாமல் விட்டுவிடுவதுண்டு. வயிறு பெருத்த ஒருவருக்குக் கழுத்துச் சிரையும் புடைத்திருந்தால் அதனை மருத்துவரிடம் தாமே கூறுவது நலம்.

இறுதியில் எக்கோ பரிசோதனை செய்யப்பட்டது. வலது கீழறையின் அடிமுனை நார்த்திசுவால் அடைபட்டு, அறை ஒரு சிறு குழாய் போலச் சுருங்கியிருந்தது. அதற்கு மேலிருந்த மேலறையோ மிகவும் விரிந்து, ஒரு கட்டியும் அதில் படிந்திருந்தது. இரண்டிற்கும் இடையிலுள்ள மூவிதழ் வால்வு மூட இயலாமல் திறந்தே நின்றது. கீழறை சிறுத்தும் மேலறை பெருத்தும் தோன்றும் இப்படமே இந்நோயின் முத்திரை. மின்னலை வரைபடத்தில் மேலறை ஒழுங்கற்றுத் துடிப்பதும் தெரிந்தது. மார்பு எக்ஸ்ரேயில் இதயம் மிகப் பெரிதாக இருந்தும் நுரையீரல்கள் தெளிவாக இருந்தன. தேக்கம் வலப்பக்கத்தோடு நின்றுவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

இதனோடு குழப்பிக்கொள்ளக்கூடிய நோய் இன்னொன்று உண்டு. இதயத்தின் வெளியுறை, பெரும்பாலும் காசநோயினால், தடித்து இறுகிக் கீழறைகளை வெளியிலிருந்து நெருக்கும். அறிகுறிகள் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் அந்த வெளியுறையை அறுவையால் அகற்றினால் பலர் நன்கு தேறுவர். இறுக்கம் வெளியிலா உள்ளேயா என்பதை எக்கோவில் ஐயமிருந்தால் எம்.ஆர்.ஐ. பரிசோதனை தெளிவாக்கும். அது நார்த்தடிப்பின் பரப்பையும் அதன்மேல் படிந்த கட்டியையும் தனித்தனியே காட்டவல்லது. இதயத்திற்கு ஏன் இத்தனை படங்கள் என்று கேட்கும் குடும்பத்தாருக்கு இதுவே விடை.

எங்கிருந்து வருகிறது?

1948-ஆம் ஆண்டு உகாண்டாவின் கம்பாலா நகரில் டேவிஸ் என்னும் நோயியல் மருத்துவர், பிரேதப் பரிசோதனைகளில் தாம் கண்ட இந்நார்த்தடிப்பைத் தனியொரு நோயாக விவரித்தார். பின்னர் நைஜீரியா, மொசாம்பிக், பிரேசில் முதலிய நாடுகளிலும், நம் பக்கத்தில் கேரளக் கடற்கரைப் பகுதிகளிலும் இது மிகுதியாகக் கண்டறியப்பட்டது. மொசாம்பிக்கின் கடலோர மாவட்டமான இன்யாரிமேயில் மக்களிடையே நேரடியாக எக்கோ கருவியைக் கொண்டு சென்று ஆய்ந்து, 2008-இல் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்ததில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நார்த்தடிப்பு காணப்பட்டது. அவர்களில் அறிகுறி இருந்தவர்களோ நால்வரில் ஒருவருக்கும் குறைவு. நோய் ஓசையின்றிப் பல்லாண்டு உறைந்திருக்கக்கூடும் என்பதை இது காட்டிற்று.

காரணம் எது என்பதில் வழக்கு இன்னும் தீரவில்லை. மிகவும் பேசப்படும் விளக்கம் ஒட்டுண்ணிகளைச் சார்ந்தது. குடற்புழுக்களோ யானைக்கால் நோய்ப் புழுவோ உடலில் இருந்தால், அவற்றை எதிர்க்க ஈசினோபில் என்னும் வெள்ளணுக்கள் இரத்தத்தில் பெருகும். புழுக்களைக் கொல்லும் நச்சுப்புரதங்கள் அவ்வணுக்களில் பொதிந்துள்ளன. அவை நெடுங்காலம் மிகுந்திருந்தால் அந்நச்சே இதயத்தின் உள்ளுறையையும் புண்ணாக்கும். புண்ணின்மேல் இரத்தக்கட்டி படியும். கட்டி ஆறும்போது நாராக இறுகும். வேறு காரணங்களால் ஈசினோபில் அணுக்கள் மிகமிகப் பெருகியவர்களின் இதயத்தில் இம்மூன்று படிகளும் தெளிவாகவே காணப்பட்டுள்ளன. எனினும், வெப்பமண்டல நோயாளிகள் வயிறு பெருத்து மருத்துவமனைக்கு வரும் காலத்தில் அவர்களுள் பலரின் இரத்தத்தில் ஈசினோபில் அளவு இயல்பாகவே இருக்கிறது. தீ அணைந்து நெடுநாள் ஆனபின் சாம்பலை மட்டும் காண்கிறோமா, அல்லது தீயே வேறா என்பது முடிவாகவில்லை. நம் கதையில் வரும் பெண்மணியும், சிறுமியாயிருந்தபோது அடிக்கடி காய்ச்சல் வந்து முகம் வீங்கியதாகத் தம் தாயார் கூறக் கேட்டிருக்கிறார். அதற்குமேல் எவரும் அறியார்.

இரண்டாவது விளக்கம் கேரளத்திலேயே எழுந்தது. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தை உருவாக்கிய இதய அறுவை மருத்துவர் வலியத்தானும் அவர் குழுவினரும், நோயாளிகளின் இதயத் திசுவில் சீரியம், தோரியம் ஆகிய தனிமங்கள் மிகுந்திருப்பதைக் கண்டனர். கேரளக் கடற்கரையின் கருமணலில் உள்ள மோனசைட் என்னும் கனிமத்தில் இவ்விரண்டும் உண்டு. மண்ணிலிருந்து கிழங்கு வகைகளின் வழியே சீரியம் உடலுக்குள் சென்று, உணவில் மக்னீசியம் குறைந்த குழந்தைகளின் இதயத்தைத் தாக்கியிருக்கலாம் என்று அவர்கள் கருதினர். மரவள்ளிக் கிழங்கையே முதன்மை உணவாகக் கொண்டு புரதமின்றி வளர்வதும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது.

சவறாவிலும் மணவாளக்குறிச்சியிலும் வாழும் நம் வாசகர்கள் இதைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை. இவ்விளக்கம் உறுதிப்படவில்லை. மேலும், கேரளத்தில் கடந்த சில பத்தாண்டுகளில் புதிய நோயாளிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. இன்று வருவோரில் பெரும்பாலோர் நடுவயதைக் கடந்தவர்கள். மணலும் அதே மணல். மரவள்ளியும் அதே மரவள்ளி. மாறியவை குழந்தைகளின் உணவும், குடிநீரும், கழிப்பிடமும், புழுநீக்க மருந்தும்தான். எனவே, தனியொரு பொருளைவிட வறுமையையே இந்நோயின் விளைநிலமாகக் கொள்வதில் பிழையில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இதயத் தசைக்குள் புகும் கிருமி

ஒட்டுண்ணி என்றதும் இன்னொரு நோயையும் கேட்டறிய விழைவோர் உண்டு. அதுவே சாகஸ் நோய். இதயத்தைத் தாக்கும் முறையில் இது மேற்கூறியதற்கு நேர்மாறானது. பிரேசிலின் லசான்சே என்னும் ஊரில், இருப்புப்பாதைத் தொழிலாளரிடையே மலேரியாவை ஒடுக்கச் சென்ற கார்லோஸ் சாகஸ் என்ற மருத்துவர் 1909-இல் இதனைக் கண்டறிந்தார். மண்சுவர் வெடிப்புகளில் வாழ்ந்து, இரவில் உறங்குவோரின் முகத்தில் இரத்தம் உறிஞ்சும் ஒருவகைப் பூச்சியின் கழிவில் டிரிபனோசோமா குரூசி என்னும் கிருமி இருக்கும். முகத்தைத் தேடிக் கடிப்பதனால் அங்குள்ள மக்கள் அப்பூச்சியை நாவிதன் என்னும் பொருள்படும் ‘பார்பெய்ரோ’ என்ற பெயரால் அழைப்பர்.

இக்கிருமி உள்ளுறையை நாராக்காமல், தசைக்குள்ளும் இதயத்தின் மின்னோட்டப் பாதைகளுக்குள்ளும் புகுந்து சிதைக்கிறது. முதற்காய்ச்சல் தணிந்தபின் இருபது, முப்பது ஆண்டுகள் ஒன்றும் தெரியாது. பின்னர், தொற்றுற்றவர்களில் ஒரு பகுதியினருக்குப் படபடப்பு, திடீர் மயக்கம், மிக மெதுவான நாடித்துடிப்பு, பக்கவாதம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று முதல் அறிகுறியாகத் தோன்றும். இங்கே அறை சிறுப்பதில்லை, மெலிந்து விரிகிறது. இடது கீழறையின் அடிமுனை பலூன் போலப் புடைப்பதும் உண்டு. இந்நோய் இந்திய மண்ணில் பரவுவதன்று. இலத்தீன் அமெரிக்க நாடுகளில் பல்லாண்டு வாழ்ந்து திரும்பியவர், அல்லது அங்கே இரத்தம் ஏற்றிக்கொண்டவர், பிற்காலத்தில் இதயத் தசைநோயுடன் வந்தால் அச்செய்தியை மருத்துவரிடம் தவறாது கூறவேண்டும். கேட்காவிடில் எவருக்கும் நினைவுக்கு வராத செய்தி அது.

மருத்துவமும் வீட்டுக் கவனிப்பும்

மீண்டும் நம் பெண்மணியிடம் வருவோம். இறுகிய நாரைக் கரைக்கும் மருந்து இதுவரை இல்லை. மருந்துகளின் வேலை தேக்கத்தைக் குறைப்பதும், கட்டி உருவாவதைத் தடுப்பதும், துடிப்பின் வேகத்தை அடக்குவதுமே. அவருக்கு நீர் மாத்திரைகள் இரண்டு வகையும், மேலறையில் கட்டி இருந்தமையால் இரத்தம் உறையாமைக்கான மருந்தும், நாடித்துடிப்பைச் சீராக்கும் மருந்தும் தரப்பட்டன. உறையாமை மருந்து வார்ஃபரினாக இருந்தால் ஐ.என்.ஆர். சோதனையைக் குறித்த நாளில் செய்துகொள்ள வேண்டும். கல்லீரலும் தேக்கத்தால் சோர்ந்திருப்பதனால் இவர்களுக்கு அம்மருந்தின் அளவு எளிதில் மிகையாகிவிடும். பல் ஈறில் இரத்தம், கருநிற மலம் ஆகியன கண்டால் அன்றே வரவேண்டும்.

நீர் மாத்திரையைப் பற்றி ஒரு சொல். வயிறு வற்றவில்லையே என்று தாமே ஒரு மாத்திரையைக் கூட்டி உண்பவர்கள் பலர். விறைத்த அறைக்குள் இரத்தம் நுழைவதற்கு ஓரளவு அழுத்தம் தேவை. நீரை அளவுமீறி வெளியேற்றினால் அவ்வழுத்தமும் குறைந்து, இதயத்திற்குள் வரும் இரத்தம் குறையும். எழுந்து நின்றால் தலைசுற்றல், சிறுநீர் குறைதல், சிறுநீரகச் சோதனையில் கிரியாட்டினின் ஏறுதல் ஆகியன பின்தொடரும். வயிறு முழுவதும் வற்றுவது இங்கே குறிக்கோள் அன்று. மூச்சுக்கும் உணவுக்கும் இடைஞ்சலில்லாத அளவில் நிற்பதே குறிக்கோள். ஆகையால் காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்குமுன், ஒரே எடைக்கருவியில் நாள்தோறும் எடை பார்த்துக் குறித்து வருதல் வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலும் அதேயளவு இறங்கினாலும் தொலைபேசியில் கூறுங்கள். மாத்திரையை மாற்றுவதை எங்களிடம் விடுங்கள்.

உப்பு, எல்லா உணவிலும் சேர்த்து, நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். கடற்கரைக் குடும்பத்தில் பிறந்த இப்பெண்மணிக்குக் கருவாட்டை விடுவதே எல்லாவற்றினும் கடினமாயிற்று. ஊறுகாயும் அப்பளமும் விட்டவர், கருவாட்டுக் குழம்பை மட்டும் “ஒரு வாய்தானே டாக்டர்” என்று தொடர்ந்தார். எடைக் குறிப்பேட்டில் அக்குழம்பு வைத்த ஒவ்வொரு ஞாயிறுக்கும் மறுநாள் ஏறிய எடையை அவர் மகளே சுட்டிக்காட்டிய பின்னர்தான் பச்சை மீனுக்கு மாறினார்.

அறுவை மருத்துவம் ஒன்று உண்டு. நார்த்தடிப்பை உரித்தெடுத்து, கெட்ட வால்வைச் சீர்செய்வர் அல்லது மாற்றுவர். வலது கீழறை மிகவும் சிறுத்துவிட்டவர்களுக்கு, மேலுடலிலிருந்து வரும் பெருஞ்சிரையை நேரே நுரையீரல் தமனியோடு இணைத்து அவ்வறையின் சுமையைக் குறைப்பதும் உண்டு. நன்மை பெற்றோர் பலர். ஆயினும் இது எளிய அறுவை அன்று. பழைய அறிக்கைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அளவுக்கு அறுவையை ஒட்டிய நாட்களில் உயிரிழந்துள்ளனர். கல்லீரல் தேக்கம் முற்றி, உடல் மிக மெலிந்தபின் செய்தால் இடர் மேலும் மிகும். அறிகுறி சிறிதும் இல்லாதவருக்குச் செய்வதும் தகாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தைத் தேர்வதே அறுவை மருத்துவரும் குடும்பத்தாரும் சேர்ந்து எடுக்கவேண்டிய முடிவு.

இப்பெண்மணிக்கு ஒரு மாத மருந்தில் எடை ஒன்பது கிலோ குறைந்தது. மேலறைக் கட்டி கரைகிறதா என்று பார்க்க மூன்று மாதத்தில் மீண்டும் எக்கோ செய்யப்படும். அறுவையைப் பற்றிய கலந்துரையாடல் அதன்பின். அவருடைய தம்பி தங்கையரும் அதே கடற்கரையில் அதே வறுமையில் வளர்ந்தவர்கள். மூச்சிரைப்போ வயிற்று வீக்கமோ அவர்களுக்கு உண்டா என்று கேட்கப்பட்டது. தங்கைக்கு மட்டும் படியேறினால் இரைக்கிறதாம். அவரும் அடுத்த வாரம் எக்கோவிற்கு வருகிறார்.